எச்சில் கரண்டி: ஒரு சொதிப் பானையில் தொடங்கிய வழக்கு



சாரல் விழத் தொடங்கியதும் எங்கள் குடும்பம் வழக்கம்போல் குற்றாலத்தில் ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு எடுத்துத் தங்கியது. ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தால் வீட்டுக்குள் சொதி மணம். அடுப்பு பொறுப்பு என் மைத்துனருக்கு. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உறிஞ்சிப் பார்த்தார், "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார், அதே கரண்டியைப் பானைக்குள் விட்டுக் கிண்டினார்.

பெரியத்தை பார்த்துவிட்டாள். "ஏல, எச்சக் கரண்டிய திரும்ப உள்ள போடுதியே, கிறுக்கா பிடிச்சிருக்கு? இருபது பேரு சாப்பிடணும்லா!"

நர்சிங் படிக்கிற பேத்தி மாமாவுக்கு வக்காலத்து வாங்கினாள். "ஆச்சி, சூட்டுல எல்லா கிருமியும் செத்துரும். ஒண்ணும் ஆகாது."

இரண்டு கட்சியும் என்னைப் பார்த்தன. முப்பத்தைந்து வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். அன்றைக்குச் சாப்பாட்டு அவசரத்தில் நழுவிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் இரண்டு பேர் சொன்னதும் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆட்களைப் படுக்கையில் போட்டது. அந்தப் பாதிக்கு ஒரு வரலாறு உண்டு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2013 ஜூலை 16 அன்று பீகாரில் கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு அதன்பின் எல்லாப் பள்ளிகளிலும் இறுக்கமானது. பரிமாறுமுன் இரண்டு மூன்று பெரியவர்கள், அதில் ஒருவராவது ஆசிரியர், ருசி பார்க்க வேண்டும் என்று மதிய உணவுத் திட்ட நெறிமுறைகள் சொல்கின்றன. எங்கள் பள்ளியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். சாம்பார் அண்டாவில் கரண்டியை விட்டேன், ஊதி உறிஞ்சினேன், காய் வெந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் கரண்டியை உள்ளே கொண்டுபோனேன். சமையல் உதவியாளர் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "சார்வாள், தப்பா நினைக்காதீங்க. கையில வாங்குங்க" என்று வேறு கரண்டியால் மொண்டு, நாலு விரற்கடை உயரத்திலிருந்து என் உள்ளங்கையில் சொட்டவிட்டார். நக்கிப் பார்த்தேன். "இப்ப அந்தக் கையக் கழுவிட்டு வாங்க. அதுக்கப்புறம் எதையும் தொடுங்க" என்றார். அந்த அம்மா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். நான் எம்.எஸ்ஸி. படித்தவன்.

அவர் செய்தது நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிற முறைதான். கரண்டி வாயைத் தொடாது, குழம்பு உள்ளங்கையில் விழும், கை கழுவப்படும். தண்ணீரும் அப்படியே. செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்போம். கோயில் மடைப்பள்ளிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், நைவேத்தியம் ஆகும்வரை ருசியே பார்ப்பதில்லை. உப்பும் புளியும் கைக்கணக்கில்தான் போகும். இந்த முறைகள் உருவான காலத்தில் கிருமி என்ற ஒன்று இருப்பதை உலகத்தில் யாருக்கும் தெரியாது. வாயில் பட்டது அடுத்தவர்க்கு ஆகாது என்ற ஒரே வரி விதிதான் இருந்தது. அதற்கு எச்சில் என்று பெயர்.

எச்சில் என்பது வெறும் மனக் கூச்சம் இல்லை, அது பானைக்குள் வேலை செய்கிறது என்பதை நீங்களே வகுப்பில் பார்த்திருக்கிறீர்கள். நினைவிருக்கிறதா? இரண்டு சோதனைக் குழாயில் வடிகஞ்சி. ஒன்றில் மட்டும் கொஞ்சம் உமிழ்நீர். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் வைத்துவிட்டு இரண்டிலும் ஒரு சொட்டு அயோடின். வெறும் கஞ்சி நீலக் கருப்பாக மாறும். உமிழ்நீர் போட்ட கஞ்சி அயோடினின் பழுப்பு நிறத்திலேயே நிற்கும், ஏனென்றால் அதிலிருந்த மாவுச்சத்தை உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி உடைத்துச் சர்க்கரையாக்கிவிட்டது. யாருடைய உமிழ்நீர் என்று அடித்துக்கொண்டு கடைசிப் பெஞ்சே முன்னால் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதையே சமையலறையில் பார்க்கலாம். கைக்குழந்தைக்கு ஊட்டிய ஸ்பூனைக் கூழ்க் கிண்ணத்திலேயே போட்டு வைத்துவிட்டு அரைமணி கழித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்த கூழ் நீர்த்து, ஓரத்தில் தண்ணீர் விட்டிருக்கும். ஆறியதால் அப்படி ஆகவில்லை. ஆறினால் கூழ் இறுகத்தான் செய்யும். ஸ்பூனோடு போன எச்சில்தான் அதை இளக்கியது. நொதி போன வழியில் கிருமியும் போயிருக்கும். உமிழ்நீர் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நம்மோடு சமாதானமாக வாழ்பவை. தொண்டைப்புண்ணோ சளியோ இருக்கிற ஆளுடைய எச்சிலில் அடுத்தவரைப் படுக்கவைக்கிறவையும் சேர்ந்திருக்கும்.

இங்கேதான் பேத்தி சொன்ன பாதியும் வருகிறது. சாம்பார் தளதளவென்று கொதிக்கும்போது எச்சில் கரண்டி உள்ளே போனால், அந்த 100 டிகிரிச் சூட்டில் நொதியும் அழியும், நோய் தரும் பாக்டீரியாக்களும் சற்று நேரத்தில் சாகும். அதுவரை அவள் கட்சி ஜெயிக்கிறது. ஆனால் நாம் எப்போது ருசி பார்க்கிறோம்? கொதிக்கும்போது நாக்கு வெந்துவிடும். அடுப்பை அணைத்து, கடைசியாகத்தான் பார்க்கிறோம்.

நம்ம சொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். காய்கள் இரண்டாம் பால், மூன்றாம் பாலில் வேகும். தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிவிடாமல் இறக்கிவிடுவோம்; கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் பிழிவது அதற்கும் பிறகு. உப்பும் புளிப்பும் பார்ப்பது அந்த நேரத்தில்தான். அதாவது கரண்டி வாய்க்குப் போய்த் திரும்பிய பிறகு அந்தப் பானை மறுபடி கொதிப்பதே இல்லை. பிறகு மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, மீதியை மூடி வைத்து இரவு ஏழு மணிக்கும் இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்கிறோம்.

சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை கிருமிகள் பெருகாது. குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் மிக மெதுவாகத்தான் பெருகும். இடைப்பட்ட வெதுவெதுப்புதான் அவற்றுக்குக் கொண்டாட்டம். பெரிய அண்டா மூடியோடு மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே நிற்கும். அரைமணிக்கு ஒரு முறை இரட்டிப்பாகிறது என்று கணக்கு வையுங்கள். ஒன்றிலிருந்து ஏழு வரை ஆறு மணி நேரம், பன்னிரண்டு இரட்டிப்பு. நூறு பாக்டீரியா நாலு லட்சத்தைத் தாண்டிவிடும். சரி, இரவு சூடு பண்ணிச் சாப்பிட்டால் போதுமே என்பீர்கள். பெரும்பாலும் போதும். ஆனால் மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பெருகும்போது உணவில் ஒரு நஞ்சை விடுகிறது. கிருமி சூட்டில் செத்தாலும் அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் பந்தி முழுக்க ஒரே சமயத்தில் வாந்தி எடுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். நாற்றமோ நிறமாற்றமோ இருக்காது. ருசி பார்த்தாலும் தெரியாது.

அப்படியானால் பெரியத்தை முழுக்க ஜெயித்துவிட்டாளா? இல்லை. அதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

1971. எனக்குப் பதினாலு வயது. வீட்டில் அக்காவுக்கு டைஃபாய்டு. எங்கள் அம்மா எச்சில் விஷயத்தில் பெரியத்தையை விடக் கறார். அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அவள் சாப்பிட்ட தட்டை அம்மா தவிர யாரும் தொடக்கூடாது. மூன்று வாரத்தில் தம்பி படுத்தான். அடுத்து நான். தம்பி பிழைத்ததே மறுபிறப்பு. அவனுக்குத் தலைமுடி எல்லாம் கொட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்துக்கு முண்டாசு கட்டிக்கொண்டு போனான். இத்தனை காவலையும் தாண்டி எப்படி வந்தது என்று அம்மா சாகும்வரை புலம்பினாள். யாரோ எச்சில் பண்ணிவிட்டார்கள் என்றே நம்பினாள்.

எச்சில் யாரும் பண்ணவில்லை. முற்றத்தில் வாயகன்ற ஒரு பித்தளைத் தவலை இருந்தது. குடிதண்ணீர் அதில்தான். மொள்ளுவதற்கு ஒரே ஒரு செம்பு. அக்காவும், அவளைப் பார்த்துக்கொண்ட அம்மாவும், நாங்களும் அதே செம்பைத்தான் விட்டு மொண்டோம். யாரும் அதில் வாய் வைக்கவில்லை, அண்ணாந்துதான் குடித்தோம். ஆனால் மொள்ளும்போது நாலு விரலும் தண்ணீருக்குள் போய்வந்தன. டைஃபாய்டுக் கிருமி வாயிலிருந்து வருவதில்லை. மலத்தில் வெளியேறி, கை வழியாக வருகிறது. எங்கள் வீட்டுக் காவல்காரன் வாசலில் வாய்க்குக் காவல் நின்றான்; கை புழக்கடை வழியாக உள்ளே போய்விட்டது.

வாயை மட்டும் காவல் காத்தது நாம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ரயிலிலும் பள்ளிக்கூடத்திலும் தண்ணீர்த் தொட்டியருகே சங்கிலியில் கட்டிய ஒரே குவளை தொங்கும். எல்லாரும் அதில் உதடு வைத்துத்தான் குடிப்பார்கள். காசநோய்க்காரர் குடித்துவிட்டு வைத்த குவளையில் அடுத்து ஒரு சின்னப் பெண் குடிப்பதைப் பார்த்துப் பதறிய சாமுவேல் கிரம்பைன் என்ற சுகாதார அதிகாரி, 1909இல் கன்சாஸ் மாநிலத்தில் பொதுக் குவளைக்குத் தடை கொண்டுவந்தார். அதற்கு முந்தின வருஷம் ஆல்வின் டேவிசன் என்ற பேராசிரியர் ஒரு பள்ளிக் குவளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் ஒட்டியிருந்தவற்றைப் பற்றி எழுதியிருந்தார். இன்று கல்யாண வீட்டில் நாம் குடிக்கும் காகிதக் கப் பரவியது அந்தத் தடைகளுக்குப் பிறகுதான். நம் பாட்டிமார் அண்ணாந்து குடித்தே தீர்த்த பிரச்சினைக்கு அவர்களுக்கு ஒரு சட்டமும் ஒரு தொழிற்சாலையும் வேண்டியிருந்தது.

அதே நாட்டில் அதே ஆண்டுகளில்தான் கையின் கதையும் வெளியே வந்தது. 1906 கோடையில் நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், ஒரு வங்கி முதலாளி வாடகைக்கு எடுத்த பங்களாவில் 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு. ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதாரப் பொறியாளர் கிணறு, பால், கழிவுநீர் என எல்லாவற்றையும் சோதித்தார். எதுவும் சிக்கவில்லை. கடைசியில் சமையற்காரி மேரி மாலன் மேல் கண் விழுந்தது. அயர்லாந்திலிருந்து வந்தவர், ஆரோக்கியமானவர், அருமையாகச் சமைப்பவர். அவர் முன்பு வேலை பார்த்த வீடுகளை விசாரித்தால், வீட்டுக்கு வீடு டைஃபாய்டு.

சோப்பரைக் குழப்பியது ஒன்றுதான். மேரி சமைத்தது சூடான சாப்பாடு. சூட்டில் கிருமி எப்படித் தப்பும்? விடை ஐஸ்கிரீமில் கிடைத்தது. அதில் பச்சையாக நறுக்கிய பீச் பழத்தைப் போடுவது மேரியின் கைப்பக்குவம். வேகாத பழம், கழுவாத கை. மேரியின் பித்தப்பையில் அந்தக் கிருமி அவருக்கு எந்த நோவும் கொடுக்காமல் குடியிருந்தது. அவரைத் தீவில் தனியே வைத்து, இனிச் சமைப்பதில்லை என்று வாக்கு வாங்கி 1910இல் விட்டார்கள். 1915இல் ஒரு பிரசவ மருத்துவமனையில் வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி பிடிபட்டார். அங்கே 25 பேர் படுத்தார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். பிறகு 1938இல் சாகும்வரை தீவில்தான். தான் நோயாளி என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. உடம்பில் ஒரு குறையும் தெரியாதவரை நாமும் நம்பியிருக்க மாட்டோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவில்தான் 1884இல் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் குளத்து நீரிலேயே கண்டுபிடித்தார். நம் பக்கம் கோபத்தில் "பேதியில போவான்" என்று வைகிறோமே, அந்தப் பேதிதான். நூறு வருஷம் கழித்து, 1980களில், அதே கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் ஆய்வாளர்கள் ஒரு எளிய காரியம் செய்தார்கள். காலரா கண்ட வீடுகளில் சிலவற்றுக்கு 'சொராய்' என்ற குறுகிய கழுத்து மண்கூஜாவைக் கொடுத்தார்கள். அதற்குள் கை நுழையாது, கரண்டி நுழையாது. சாய்த்து ஊற்றத்தான் முடியும். வேறு சில வீடுகளுக்குத் தண்ணீரில் போடக் குளோரின் கொடுத்தார்கள். மற்ற வீடுகளில் வழக்கமான வாயகன்ற வாளியும் மொள்ளும் குவளையும். கூஜா வீடுகளில் தொற்று ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. குளோரின் போட்ட வீடுகளுக்கு அது சளைக்கவில்லை. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. பானையின் கழுத்து மட்டும்தான் மாறியது.

இதைப் படித்த அன்று எங்கள் முற்றத்துத் தவலைதான் கண்முன் வந்தது. அம்மா அன்றைக்கு அதற்குப் பதில் ஒரு கூஜா வைத்திருந்தால் தம்பி முண்டாசு கட்டியிருக்க மாட்டானோ என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் தீட்டுக் கணக்கு எல்லா இடத்திலும் சுகாதாரமாக இருக்கவில்லை. டீக்கடையில் சாதிக்கொரு குவளை வைத்த இரட்டைக் குவளை முறையும், ரயில் நிலையத்தில் இந்துக்குத் தனித் தண்ணீர், முஸ்லிமுக்குத் தனித் தண்ணீர் என்று கொடுத்ததும் இதே 'அடுத்தவர் தொட்டது ஆகாது' என்ற பேச்சின் பெயரால்தான் நடந்தன. அங்கே யாரும் கையைக் கழுவச் சொல்லவில்லை, ஆளைத்தான் விலக்கினார்கள். எங்கள் தவலைக்குள் வேற்றாள் யாருடைய விரலும் போகவில்லை. சொந்த வீட்டுப் பிள்ளைகளின் விரல்தான் போனது.

சரி, தீர்ப்பு. மைத்துனரே, நீங்கள் செய்தது தப்பு. கொதிக்கும் சாம்பாரில் செய்திருந்தால் சின்னத் தப்பு, இறக்கிய சொதியில் செய்ததால் பெரிய தப்பு. இரண்டு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்: பானைக் கரண்டியிலிருந்து சின்ன ஸ்பூனில் ஊற்றிக்கொண்டு ருசி பாருங்கள், அந்த ஸ்பூன் நேரே கழுவுமிடத்துக்குப் போகட்டும். பேத்தி, நீ சொன்ன சூடு சரி. ருசி பார்த்த பிறகு பானை கொதித்ததா என்று அடுத்த கேள்வியையும் கேட்டிருக்க வேண்டும். பெரியத்தை, உங்கள் கண் எச்சிலைச் சரியாகப் பிடித்தது. ஆனால் அதே நாளில் நம் வீட்டுப் பிள்ளைகள் கழிப்பறையிலிருந்து ஓடி வந்து, தண்ணீர் வாளிக்குள் டம்ளரோடு விரலையும் விட்டு மொண்டு குடித்தார்கள். அதை நீங்களும் பார்க்கவில்லை, வாத்தியார் நானும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குற்றாலம் கடைத்தெருவுக்குப் போய்க் குழாய் வைத்த மண்பானை ஒன்று வாங்கி வந்தேன். இப்போது தென்காசி வீட்டில் வாளி இருந்த இடத்தில் அதுதான் இருக்கிறது. வருகிறவர்கள் குழாயைத் திறந்து குடிக்கலாம். மூடியைத் திறந்து டம்ளரை உள்ளே விடுகிற பழக்கம் உள்ளவர்களின் மணிக்கட்டைப் பிடிக்க ஆள் இருக்கிறது. சத்துணவுக் கூடத்து அந்த அம்மாவிடம் கற்றது.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்
தென்காசி